ஏழாம் நம்பர் காட்டு அறிவிப்பு

எஸ்டேட் ஆபீசில் அறிவிப்புகள் எழுதுகிற கோகிலவாணி, எதையும் ஒருதரம் வாய்விட்டுப் படிக்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் போடமாட்டாள். கேட்க ஓர் ஆளும் வேண்டும். அன்று காலை சிக்கியவன், ஃபேக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் வடிவேல்.

“ஏழாம் எண் தேயிலைப் பகுதியில் சிறுத்தை நடமாட்டம் காணப்படுவதாகத் தெரியவந்துள்ளதைத் தொடர்ந்து, தொழிலாளர்கள் அப்பகுதியைத் தனியாகக் கடந்து செல்வதைத் தவிர்க்குமாறு...”

முடிப்பதற்குள் அவளுக்கே மூச்சு முட்டியது. வடிவேல் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

“நல்லாருக்குது வாணி. வரட்டுமா?”

“எந்த வழியாப் போறீங்க?”

“குறுக்கு வழிதான். ஏழாம் நம்பர் காடு.”

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “இத்தன நேரம் நான் செவுத்துக்கா படிச்சேன்?”

“ஏதோ சர்க்குலர்னு நெனச்சேன் புள்ள.”

கட்டிக்கொண்டவன் காதிலேயே ஏறாதது ஊரார் காதில் எப்படி ஏறும்? முணுமுணுத்துக்கொண்டே மொத்தத்தையும் அழித்தாள். வாயில் வருகிற மாதிரியே அடித்து, மறுபடி உரக்கப் படித்தாள்.

“ஏழாம் நம்பர் காட்டுல சிறுத்தை இருக்குது. யாரும் தனியாப் போகாதீங்க.”

வாசலைத் தாண்டப்போன கால் அப்படியே நின்றது. வடிவேல் திரும்பி வந்து நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும்தான் அவள் அறிவிப்பை அனுப்பினாள்.

“ஏனுங்க, வேலைக்குப் போகலியா?”

“தனியாப் போகக்கூடாதாமா. நீயும் கிளம்பு, ரோட்டு வழியாச் சேந்தே போலாம்.”