ஐம்பது கிராம் சோயா

சோயா பாக்கெட் குறைய வேண்டிய அளவு குறையவில்லை. வெண்ணிலாவை உறுத்தியது அதுதான்.

வில்லியனூரில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்த அவளும் சுகன்யாவும் கல்லூரி கபடி அணியில் ரைடர்கள். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பல்கலைக்கழக அணித் தேர்வில் ஒருத்திக்குத்தான் இடம். அதுவரை உடம்பைத் தேற்ற வேண்டும், கையிலோ காசில்லை. பத்து ரூபாய்க்கு எவ்வளவு புரதம் என்று வெண்ணிலாதான் கணக்குப் போட்டாள். எலும்போடு வாங்கும் கோழியில் ஐந்து கிராம், பாலில் ஆறு, முட்டையில் எட்டரை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் பதினேழு, சோயாவில் முப்பத்துநாலு. கேட்கவா வேண்டும்? "தினம் ஆளுக்கு அம்பது கிராம் சோயா" என்று தீர்ப்புச் சொன்னாள். சமையல் சுகன்யாவின் வேலை.

பத்து நாளில் தீர வேண்டிய கிலோ பாக்கெட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வெண்ணிலாவுக்கோ ஓடினால் கால் துவண்டது. பாவி, என்னைக் காயப்போட்டு இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று மனசு கொதித்தது. சுகன்யா குளிக்கப் போனபோது அவளுடைய பாயைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் மல்லாட்டைத் தோல்.

ஈரத்தலையோடு வந்தவளை மடக்கினாள். "எனக்கு அரை வயிறு, உனக்கு மல்லாட்டையா? இன்னாடி கணக்கு இது?"

"நீ சொன்ன கணக்குதான்டி! நீயே பாரு."

சுகன்யா கோபமாகவே சமைத்துக் காட்டினாள். வெந்நீரில் போட்டாள், ஊறியதைப் பிழிந்தாள், தராசில் வைத்தாள். ஆளுக்குச் சரியாக ஐம்பது.

"அய்யோ!" என்றாள் வெண்ணிலா. "ஊறினா மூணு மடங்கு கனக்கும்டி! காய்ஞ்சதைத்தான் நிறுக்கணும். இதுல இருக்கிற புரதம் ஒன்பது கிராம் கூட தேறாது."

"அம்பதுக்கு இருபத்தாறுன்னு சொன்னியே?"

"காய்ஞ்சதுக்கு."

"அதைச் சொன்னியா நீ?"

வெண்ணிலா தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பத்து நாளா எனக்கும் பசிதான்" என்றாள் சுகன்யா. "நீ வெளியில தின்னுக்கிட்டு, வேணும்னே கம்மியா சொல்லி என்னை மெலிய வெக்கிறேன்னு நெனச்சேன். அதான் எங்க வூட்ல இருந்து மல்லாட்டை எடுத்தாந்து ஒளிச்சித் தின்னேன்."

வெண்ணிலாவுக்கு வெட்கமாக இருந்தது. காய்ந்த சோயாவை நூறு கிராம் நிறுத்து ஊறவைத்தாள். உப்பிக்கொண்டு குண்டானின் விளிம்புக்கு வந்தது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தே விட்டார்கள். வெந்ததும் சுகன்யா இரண்டு தட்டிலும் பரிமாறி, மிச்சமிருந்த மல்லாட்டையையும் பாதியாகப் பிரித்துப் போட்டாள்.

தட்டு கைக்கு வந்ததும் வெண்ணிலாவின் கண் முதலில் எதிர்த்தட்டுக்குத்தான் போனது. சுகன்யா அதைப் பார்த்துவிட்டாள். தட்டுகளை மாற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.