ஆறாவது வரி எந்தக் கட்டத்தில்?

நிதித்துறையின் நான்காவது மாடியில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். எந்த எண்ணைக் கையில் கொடுத்தாலும் இரண்டாக வெட்டாமல் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. பாசத்தோடுதான் வைத்திருக்கிறார்கள் என்று அவளே நினைத்துக்கொண்டாள். நினைப்பதற்குக் காசா பணமா?

அன்று காலை அவள் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் லிஃப்ட் தயாரிக்கும் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவர். ஆறு மாதத்துக்கு முன் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். இருபத்தாறு வாரம் வேலையிழப்பு உதவித்தொகை. அதில் இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அவள் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் மாமியாரின் டயாலிசிஸுக்கும் சரியாகப் போய்விடும். அடுப்பு எரிவதும் மகள் பள்ளிக்கூடம் போவதும் அந்த உதவித்தொகையில்தான்.

போன வாரம் அமைச்சர் டிவியில் வந்து, இன்னும் பதின்மூன்று வாரம் நீட்டிப்பதாக உத்தரவு போட்டிருப்பதாகச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்காரர் நாலு நாள் தாடியை மழித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மருத்துவக் கருவிக் கம்பெனி ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆள் எடுக்கப்போவதாக அவரிடம் சொல்லியிருந்தது. பதின்மூன்று வாரம் கிடைத்தால் அதுவரை தாக்குப்பிடித்துவிடலாம்.

"கண்டிப்பா வரும்தானே?" என்று காலையில்கூடக் கேட்டார்.

"வரும்ங்க," என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். சொன்ன வாய் கசந்தது. ஏனென்றால் அந்த நீட்டிப்பு எந்தக் கட்டத்தில் உட்காரப்போகிறது என்பது அவள் மேசையில் இருந்தது. எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். நாடு மந்தத்தில் கிடந்தது. பற்றாக்குறை ஏறிவிட்டது. ஏன் ஏறியது என்று நாடாளுமன்றத்தின் நிதிக்குழுவுக்கு ஓர் அட்டவணை கொடுக்க வேண்டும். அதில் இரண்டே கட்டம். ஒன்று, பொருளாதாரம் சரிந்ததும் ஏற்கெனவே இருக்கும் சட்டப்படி தானாக நடப்பது. பாடப்புத்தகத்தில் இதைத் தானியங்கி நிலைப்படுத்திகள் என்பார்கள். வருமானம் குறைந்தால் வருமான வரி தானாகக் குறையும், வேலை போனவர்கள் கூடினால் உதவித்தொகை தானாகக் கூடும். மற்றது, யாரோ ஒருவர் இந்த வருடம் புதிதாக முடிவெடுத்துச் செய்தது. இரண்டாவது கட்டத்துக்கு மட்டும் சட்டம் ஒரு வரம்பு வைத்திருந்தது: ஐந்நூறு கோடி. தாண்டினால் குழுவில் முக்கால்வாசிப் பேர் கை தூக்க வேண்டும். இல்லையென்றால் எதையாவது எடுத்துவிட வேண்டும். குழுவில் முக்கால்வாசிப் பேர் சேர்ந்து தேநீர் குடித்தே யாரும் பார்த்ததில்லை.

காலை பதினொன்றரைக்கு, சுங்கத்துறையிலிருந்து மாறி வந்திருந்த சுங்கக்காரர் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அட்டவணையின் முதல் வரைவு அவருடையது.

"மேடம், செத்தோம். ரெண்டாவது கட்டம் அறுநூத்தி இருபது வருது!"

பின்னாலேயே இயக்குநர் அம்மாவும் வந்துவிட்டார். அவர் நடந்து வந்தாலே மாடியில் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

"நாலு மணிக்குக் குழு. அறுநூத்தி இருபதை வச்சுக்கிட்டு நான் அங்க போய் என்ன பாட்டா பாட முடியும்? பாரும்மா."

அவள் தாளை வாங்கினாள். பார்த்ததும் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. இப்படிப்பட்ட தப்பைத் திருத்துவது அவளுக்குக் கைவந்த கலை.

"ஏழை வீட்டு உணவு உதவி அம்பது கோடி. இதை ஏன் ரெண்டாவதுல போட்டீங்க?"

"அரசாங்கம்தானே குடுக்குது?"

"அரசாங்கம்தான் எல்லாத்தையும் குடுக்குது சார். இந்த வருஷம் யாராவது புதுசா கையெழுத்துப் போட்டாங்களா? அதைக் கேளுங்க. தகுதி என்னன்னு பழைய சட்டத்துலயே இருக்கு. வருமானம் விழுந்தது, தகுதி வந்தது, ஜனங்க வந்து வரிசையில நின்னாங்க. முதல் கட்டம்."

ஐந்நூற்று எழுபது ஆனது.

"விற்பனை வரி. முந்நூறு கோடி கொறஞ்சிருக்கு. மொத்தத்தையும் ரெண்டாவதுல தள்ளிட்டீங்களே."

"வரியைப் பன்னெண்டுலேர்ந்து ஒம்பது சதவீதமா கொறைச்சது முடிவுதானே மேடம்? கையெழுத்து இருக்கே!"

"இருக்கு. ஆனா வரியைக் கொறைக்காமலே இருந்திருந்தாலும் ஜனங்க கொறைவாத்தானே வாங்கியிருப்பாங்க? அதுல போனது தொண்ணூறு கோடி, அது தானா நடந்தது. சதவீதத்தைக் கொறைச்சதுல போனது இருநூத்திப் பத்து. ஒரே வரியில ரெண்டு கதை இருந்தா வெட்டணும்."

விற்பனை வரி இருநூற்றுப் பத்து, பாலமும் சாலையும் நூற்று அறுபது, குடும்பத்துக்கு ஒருமுறைப் பணம் நூற்றுப் பத்து. ஆக நானூற்று எண்பது. வரம்புக்குள் வந்துவிட்டது.

"கத்தரிக்கோல்னு சும்மாவா சொன்னாங்க!" என்று இயக்குநர் அம்மா அவள் தோளைத் தட்டினார். அவர் யார் தோளையும் தட்டி அவள் பார்த்ததே இல்லை.

அப்போது சுங்கக்காரர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத முகத்தோடு கேட்டார்:

"அப்போ அட்டவணையில ஆறாவது வரியையும் வெட்டணுமே மேடம்?"

வேலையிழப்பு உதவித்தொகை, இருநூறு கோடி கூடுதல், முதல் கட்டம். வருடா வருடம் பழைய தாளைப் பிரதியெடுக்கும்போது அந்த வரி அப்படியே முதல் கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடும். திட்டத்தின் பெயரைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும்; யாரும் உள்ளே திறந்து பார்ப்பதில்லை. அவள் காலை எட்டு மணிக்கே திறந்து பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் மூடியும் வைத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவை.

"அதுல என்ன?" என்றார் இயக்குநர் அம்மா.

"வேலை போனவங்க கூடினதால நூத்தி நாப்பது. அது தானா வந்தது. ஆனா பதிமூணு வாரம் நீட்டிப்புக்கு அறுபது கோடி இருக்கே. அது அமைச்சர் போன வாரம் கையெழுத்துப் போட்டது. மேடம் இப்போ சொன்ன மாதிரி பார்த்தா…" மனிதர் பாடத்தை நன்றாகவே பிடித்துக்கொண்டார். பாவி, இவ்வளவு நன்றாகவா பிடித்துக்கொள்ள வேண்டும்!

நானூற்று எண்பதும் அறுபதும் ஐந்நூற்று நாற்பது. கணக்கு மூன்று பேர் தலையிலும் ஒரே நேரத்தில் ஓடியது. இயக்குநர் அம்மா சுங்கக்காரரை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

"இத பாரும்மா. அந்த வரி எப்பவும் முதல் கட்டத்துலதான் இருக்கு. அங்கேயே இருந்தா யாருக்கும் நஷ்டமில்ல. நாப்பதாயிரம் குடும்பத்துக்குச் சோறு."

"நாப்பதாயிரத்துல ஒண்ணு என் வீடு மேடம்," என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்றே தெரிந்தது.

இயக்குநர் அம்மா தாளை அவள் பக்கமே நகர்த்தினார். பிறகு, "அப்போ உனக்கே விட்டுடுறேன். நீ எதைத் தந்தாலும் கையெழுத்துப் போடுறேன்," என்று எழுந்து போனார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது அவளுக்கு.

ஒரு மணி வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. வேலையின்மை ஏறினால் வாரங்கள் தானாக நீளும் என்று சட்டத்தில் ஒரு பிரிவாவது இருக்காதா என்று பழைய சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். இருந்திருந்தால் நிம்மதியாக முதல் கட்டத்தில் வைத்திருக்கலாம். இல்லை. இருபத்தாறு வாரம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நாள் வேண்டுமென்றாலும் யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சுங்கக்காரர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். "நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா மேடம்?"

"இல்ல சார். சரியாத்தான் கேட்டீங்க. அதுதான் தொல்லை."

இனி முதல் கட்டத்தில் வைத்தால் இந்த மனிதருக்கு அவள் என்ன சொல்வாள்? விற்பனை வரிக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயம் என்றா? ஆறாவது வரியை வெட்டினாள். நூற்று நாற்பது இங்கே, அறுபது அங்கே. பிறகு அடிக்குறிப்பாக ஒரு பத்தி எழுதினாள்: வேலையின்மை எட்டு சதவீதத்தைத் தாண்டினால் வாரங்கள் நீளும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், அடுத்த மந்தத்தில் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம், அது முதல் கட்டத்துக்கு உரியதாகிவிடும். குழுவுக்குக் கொஞ்சம் சூடு சொரணை இருந்தால் நீட்டிப்பைக் காப்பாற்றிக்கொண்டு பாலத்தில் ஒன்றைத் தள்ளிவைப்பார்கள் என்ற நப்பாசை அவளுக்கு. இயக்குநர் அம்மா படித்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்கு மாடி முழுவதும் டிவி முன்னால் கூடியது. அவள் மட்டும் உட்காரவில்லை. பாலத்தைத் தள்ளிவைக்கலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னதும் நாலு பேர் எழுந்து கத்தினார்கள். ஒப்பந்தம் போட்டாயிற்றாம், கல் இறங்கிவிட்டதாம். ஒருமுறைப் பணத்தில் கை வைக்கலாமா என்றால், காசோலை அச்சாகிவிட்டதாம். விற்பனை வரி எப்போதோ குறைந்துவிட்டதாம். அச்சாகாததும் கல் இறங்காததும் ஒன்றே ஒன்றுதான். அதற்குள் ஒருவர் அடிக்குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அருமையான யோசனை," என்றார் அவர். "சட்டத்திலேயே எழுதிவிடுவோம்."

எல்லாரும் கை தூக்கினார்கள். முக்கால்வாசி என்ன, முழுசாகவே! வேலையின்மை எட்டைத் தாண்டினால் வாரங்கள் தானாகவே நீளும், அடுத்த நிதியாண்டு முதல். இந்த வருட நீட்டிப்பு கைவிடப்பட்டது. மாடியில் கைதட்டினார்கள். சுங்கக்காரர் அவளைத் தேடி வந்து, "மேடம், சட்டத்தையே மாத்திட்டீங்க!" என்றார். அவருக்குக் கண்ணெல்லாம் மலர்ந்திருந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் டிவி அணைந்திருந்தது. வீட்டுக்காரர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை.

"பாத்தேன். அடுத்த மந்தத்துல தானா வருமாம். நல்ல விஷயம்தான்."

"ம்."

"நம்ம கம்பெனி பையன் ஒருத்தன் போன் பண்ணினான். எப்பவும் அந்த உதவித்தொகை மொதல் கட்டத்துலதான் இருக்குமாம். இந்தத் தடவை எவனோ ஒரு மேதாவி பிரிச்சுப் போட்டுட்டானாம். அவன் நல்லா இருப்பானான்னு அழுறான்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை மூடிவிட்டுத் திரும்பினார். ஈரக்கையை எங்கே துடைப்பது என்று தெரியாத மாதிரி நின்றார்.

"உன் ஆபீஸ்தானே? யாரு அது, உனக்குத் தெரியுமா?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க," என்றாள்.