பக்கத்து சீட்டில் யார்?

காப்பீட்டு அலுவலகத்தில் பாலிசி வாசகம் எழுதும் ஒரு அம்மாளுக்கு நான் வைத்த பெயர் பாலிசி மேடம். மூன்று மாதமாக என் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்கிறார். என் வண்டியின் புதிய பாலிசியையும் அவரே எழுதினார். என் பொல்லாத நேரம்!

அதில் ஒரு வரி: மாணவர் ஓட்டும்போது பயிற்றுநர், அதாவது நான், பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்துக்கு இழப்பீடு கிடையாது.

"அந்த வரிய எடுங்க மேடம்."

"முடியாது மாஸ்டர். வேற ஒரு ஸ்கூல்ல மாஸ்டர் கீழ நின்னு போன் பேசினாராம். பொண்ணு நேரா சுவத்துல ஏத்திடுச்சு. உங்க பக்கம் பிரேக்கும் கிளட்சும் எதுக்கு இருக்கு?"

நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சல் வந்தது. ஆனால் என் மனதில் ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. என்னிடம் இருப்பது ஒரே வண்டி. அது நொறுங்கி, இழப்பீடும் வராவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அடுத்த வாரம் மேடத்துக்கு லைசென்ஸ் டெஸ்ட். புதிய பாலிசியும் அன்றே அமலுக்கு வருகிறது. டெஸ்டுக்கு முந்தைய நாள் கடைசி வகுப்பில், திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டார். வண்டி குப்பைத் தொட்டியை நோக்கிப் பாய்ந்தது. நான் என் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"பாத்தீங்களா? நீங்க பக்கத்துல இருந்ததால தப்பிச்சோம். என் வரி சரிதானே!" வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஜெயித்த முகம். "நாளைக்கும் இப்படியே மிதிச்சுடுங்க மாஸ்டர்."

"நாளைக்கு நான் டெஸ்ட் மைதான கேட்டுக்கு வெளியில இருப்பேன் மேடம். டெஸ்ட்ல என் சீட்ல உட்கார்றது இன்ஸ்பெக்டர்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உறுத்தியது இதுதான்! மேடத்தின் முகமும் மாறியது.

"அப்போ, என் வரிப்படி நாளைக்கு..."

"வண்டி அனாதை."

அவர் வண்டியை ஓரங்கட்டினார். மூன்று மாதத்தில் முதன்முறையாகக் குலுக்காமல் நிறுத்தியிருந்தார். அங்கேயே போனை எடுத்து மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி, மாலைக்குள் பாலிசியை மாற்றினார்: "பயிற்றுநர், அல்லது உரிமத் தேர்வின்போது தேர்வு அதிகாரி, பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும்."

மறுநாள் கேட்டுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே டமால் என்று ஒரு சத்தம். ரிவர்ஸில் மேடம் கம்பத்தைச் சாய்த்திருந்தார். பின் பம்பர் தொங்கியது. டெயில் லைட் காலி. இன்ஸ்பெக்டர் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்து சீட்டில் அசையாது உட்கார்ந்திருந்தார்.

"ஃபெயில்" என்றார்.

மேடம் இறங்கி வந்தார். அழப்போகிறார் என்று பயந்தேன். குபுக்கென்று சிரித்துவிட்டார்.

"கிளைமை வேற ஆளு பார்க்கட்டும் மாஸ்டர். இடிச்ச நானே கை வைக்கக் கூடாது. ஆனா பணம் வந்துரும். வரி ரொம்ப நல்லா எழுதியிருக்கு!"

எனக்கு உயிர் வந்தது. "அடுத்த டெஸ்ட் எப்போ மேடம்?"

"முதல்ல உங்க பம்பர் வரட்டும்."