பல்ப்பருக்கு நீதி கேட்ட கடிதம்

சேர்வராயன் மலையில் என்னைவிடச் சிறப்பாகக் கடிதம் எழுதக்கூடியவர் இன்னும் பிறக்கவில்லை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி நான் எழுதிய விண்ணப்பத்தைப் படித்துக் காப்பாளர் கண்கலங்கினார். சாம்பார் மாறவில்லை. அது கடிதத்தின் குற்றமல்ல.

ஆகவே, எங்கள் ஊரான வெள்ளக்கடையில் என் அம்மா மாதம்மாள் புதிதாக வாங்கிய பல்ப்பர் தகராறு செய்தபோது, கம்பெனிக்கு நான்தான் எழுதுவதென்று முடிவானது. முடிவு செய்ததும் நான்தான்.

பல்ப்பர் என்பது காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியே தள்ளும் மெஷின். பறித்த அன்றே உரித்தாக வேண்டும். விட்டால் பழம் புளித்துவிடும். எங்கள் மெஷின் பாதிப் பழத்தை உரிக்காமலே வெளியே அனுப்பியது. மீதியில் கொட்டையையே நறுக்கியது.

"வெட்டுப்பட்ட கொட்டைய எவன் சாமி வாங்குவான்?" என்றார் அம்மா. "அடுத்த பறிப்புக்குள்ள இது சரியாகலீன்னா பழத்த அப்படியே காயப்போட்டு வந்த வெலைக்குத் தள்ள வேண்டியதுதான்."

ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் ரஹமத்துல்லா பாய். ஊரில் பாதிப் பேருக்குப் புகார் மெயில் அடித்து அனுப்புவதும் அவர்தான். நான் போய் 'பல்ப்பர்' என்றதுமே கேட்டார்: "பில்லு இருக்குதுங்களா தம்பி? வாரன்ட்டி கார்டு? மெஷின் நம்பரு?"

"பாய், நீங்க அடிக்கற லெட்டரு எல்லாமே ஒரே மாதிரி இருக்குதுங்க. பொருள், இணைப்புன்னு ஃபேனுக்கும் அதே, பம்புசெட்டுக்கும் அதே. படிக்கறவனுக்குத் தூக்கம் வராதுங்களா?"

"தூங்கிக்கிட்டே மாத்திக் குடுத்துடறாங்களே தம்பி."

ரசனையில்லாதவர் என்று மன்னித்துவிட்டு நானே எழுதினேன். நாலு பக்கம். மலைமேல் மஞ்சு இறங்குவதில் தொடங்கி, இந்திய விவசாயியின் நெடிய துயரத்தின் வழியே நடந்து, 'எங்களுக்கு வேண்டியது நீதி' என்று முடித்தேன். ஆதாரமாக ஒரு படம்: ஆயுத பூஜையன்று மாலை போட்ட மெஷின், பக்கத்தில் நான். நான் நன்றாகவே விழுந்திருந்தேன்.

கடிதம் பாய் கடை மெயிலில்தான் போனது; கம்பெனியின் சர்வீஸ் பிரிவிலிருந்து பதிலும் அங்கேயே வந்தது. பாய் அதைச் சத்தமாகப் படித்தார்.

"தங்கள் கடிதம் கிடைத்தது. மெஷினில் என்ன பழுது என்று அதில் இல்லை. பில் நகலும் இல்லை. படத்தில் எண் தகடு தெரியவில்லை. தாங்கள் கேட்பது பழுதுநீக்கமா, பாகம் மாற்றித் தருவதா என்று தெரிவித்தால் நடவடிக்கை எடுப்போம்."

ஆதார் நகலெடுக்க வந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீதி ஸ்டாக்குல இல்ல போல தம்பி" என்றார் பாய்.

ஊருக்குத் திரும்பினேன். "என்ன சொல்றாங்க?" என்றார் அம்மா.

"இன்னும் கொஞ்சம் வெவரம் கேக்கறாங்கம்மா."

"நாலு பக்கத்துலயும் வெவரம் வரலியா கண்ணு? பழம் நொம்ப செவந்துட்டுது, பாத்துக்க."

வாரன்ட்டி கார்டை எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் தேதி போட்டு சீல் குத்தியிருந்தார்; மெஷின் எண்ணுக்கான கட்டம் காலி. மெஷினிடமே கேட்கலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். பூஜையன்று பொட்டு வைக்க அம்மா நெற்றி தேடியிருக்கிறார். பளபளவென்று ஒரு தகடு தோதாக இருந்திருக்கிறது. அன்று வைத்த சந்தனத்தின்மேல் வெள்ளிக்கிழமைதோறும் இன்னொரு பூச்சு ஏறி, எண் உள்ளே நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது.

ஈரத்துணியோடு போனேன்.

"பொட்ட அழிக்கறியா?"

"அடியில நம்பரு இருக்குதும்மா."

"அப்ப தொடச்சுட்டுப் பக்கத்துல ஒண்ணு வெச்சிரு. வெறும் நெத்தியா உடாதே."

துடைத்தேன், வைத்தேன். பிறகு, கடிதம் எழுதுமுன் செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். மெஷினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பழத்தை உரிக்கும் உருளை ஒரு பக்கம் எதிர்த் தகட்டில் உரசியது, மறுபக்கம் விலகியது. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியை எப்படித் திருகினாலும் அப்படியேதான்.

பாய் கடையில் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டது அவர்தான்.

'பொருள்: வாரன்ட்டி காலத்தில் பல்ப்பர் பழுது. உருளையின் அச்சு கோணலாக உள்ளது. இடைவெளியைச் சரிசெய்தும் பயனில்லை. ஒரு பக்கம் கொட்டை வெட்டுப்படுகிறது. மறுபக்கம் பழம் உரிபடவில்லை. உருளையைச் செலவின்றி மாற்றிப் பொருத்தித் தரவும். அறுவடைக் காலமாதலால் விரைவாக வேண்டும். இணைப்பு: பில் நகல், வாரன்ட்டி கார்டு நகல், எண் தகட்டின் படம், வெட்டுப்பட்ட கொட்டையின் படம்.'

எந்தப் படத்திலும் நான் இல்லை.

அடுத்த பறிப்புக்கு முன்பே மெக்கானிக் புது உருளையோடு வந்து பொருத்தினார். அம்மா ஒரு கூடைப் பழத்தைக் கொட்டினார். கொட்டைகள் முழுசு முழுசாக வழுக்கி விழுந்தன. அம்மா ஒரு பிடி அள்ளி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போனார்.

மெக்கானிக் சர்வீஸ் தாளை நீட்டினார். வாடிக்கையாளர் கருத்து எழுத அரைப் பக்கம் காலியாக இருந்தது.

'உருளை மாற்றப்பட்டது. மெஷின் ஓடுகிறது' என்று எழுதிக் கொடுத்தேன்.

"அவ்ளோதானுங்களா?" என்றார்.

"அவ்ளோதானுங்க."