நாலாவது பழுப்பு

ஓய்வு பெறப்போகும் நர்ஸின் முகம் கேக்கின்மேல் ஒட்டும் சர்க்கரைத் தாளில் அச்சாகி மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வந்த அவள் கணவர், பஸ் டிரைவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்.

"இது யாருங்க?"

அச்சுக்காரி முதலில் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தாள். அண்ணன் மனைவி கேக் சுட, இவள் படம் அச்சிட, மூன்று வருஷமாக நடக்கும் கடை. நூற்றுக்கணக்கில் முகங்கள் இந்த மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. "ரொம்ப அழகா இருக்கு" என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் அவள் முகத்தை வெள்ளையாக்கிவிட்டார், பாஸ்போர்ட் படத்தில் வெளுத்துவிட்டார்கள், மருத்துவமனை அடையாள அட்டையிலும் அப்படித்தான் என்று அமைதியாகச் சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளை ஒரு கேக்கிலாவது அவளாகவே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தன் ஆசை என்றார். விழா மாலை நான்கு மணிக்கு. அப்போது மணி பதினொன்று.

அச்சுக்காரிக்குச் சுருக்கென்றது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. தின்னும் மை சர்க்கரையில் ஊறிக் காயும்போது ஒரு சுற்று இருண்டுவிடும். நிழல்கள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து அப்பிக்கொள்ளும். அதனால் எந்தப் படம் வந்தாலும் வெளிச்சத்தைக் கூட்டி, முகத்தை நாலே நிறப் பரப்பாகச் சுருக்கிவிடுவாள். அதற்கு ஒரு செட்டிங்கே சேமித்து, 'முகக்களை' என்று பெயரும் வைத்திருந்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும், களை வந்துவிடும். போதாததற்கு, பின்னணி கம்பீரமாக இருக்கட்டுமே என்று அடர்த்தியான அரக்கு நிறத்தைப் போட்டிருந்தாள். அந்த இருட்டிலிருந்து முகம் எடுப்பாகத் தெரிய, அதை இன்னும் வெளுக்க வேண்டியதாயிற்று. குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதை.

கையில் மீதி ஒரே ஒரு சர்க்கரைத் தாள். புதுக்கட்டு நாளைக்குத்தான் வரும்.

எதிரே இருக்கும் நகல் கடையில் அச்சு பளபளவென்று கருப்பாக விழுகிறதே, அங்கே போட்டு ஒட்டிவிடலாமா என்று டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அது வயித்துக்குள்ள போற மை இல்லைங்க. என் மையைக் கொண்டுபோய் அந்த மெஷின்ல ஊத்தினாலும் உள்ளே பழைய மை இருக்கும். அந்த வேலை மட்டும் வேண்டாம்."

உள்ளே கிரீம் அடித்துக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்து, கேக் தயார், முகம்தான் இன்னும் பிறக்கவில்லை என்று ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போனாள். அண்ணியின் வாய்க்கு நேரம் காலமே கிடையாது.

அச்சுக்காரி உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அரக்குப் பின்னணியைத் தூக்கிவிட்டு வெளிர் மஞ்சள் வைத்தாள். எடுப்பு என்பது முகத்தை வெளுப்பதால்தான் வரவேண்டும் என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை. சுற்றி இருப்பதை வெளுத்தாலும் வரும். இது தெரிய மூன்று வருஷமா ஆனது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் தாளை வெறுமையாக விட்டாள். வெள்ளை மை என்று ஒன்று கிடையாது, தாள்தான் வெள்ளை.

அடுத்தது தோல். கறுப்பு மை கலந்தால் தோல் சாம்பல் பூத்து, நோயாளி மாதிரி பச்சை அடிக்கும். அதனால் கறுப்பை அறவே விலக்கி, மஞ்சளும் சிவப்பும் மிகுதியாக, நீலம் கொஞ்சமாகச் சேர்த்து ஆறு பழுப்புகள் செய்தாள். வீணான முதல் தாளின் வெற்று ஓரத்தில், அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளோடு அதை மறுபடி மெஷினில் கொடுத்து, ஆறு கட்டங்களாக அச்சிட்டாள். காயப் பத்து நிமிஷம் விட்டாள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பி மோசம் போனவர்கள் உண்டு.

செல்போனில் இருந்த நர்ஸின் படத்தோடு ஒப்பிடப் போனவளை டிரைவர் தடுத்தார். சட்டைக் கையை மடித்து, வெயிலில் ஸ்டியரிங் பிடித்துக் காய்ந்த தன் முன்கையைக் கட்டங்களின் பக்கத்தில் வைத்தார்.

"அவ என்னைவிடக் கறுப்பு ஒரு பிடி கூட. நாலாவதுங்க."

சொல்லிவிட்டு, யாரோ கேட்டுவிட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கூச்சத்தைப் பார்த்து அச்சுக்காரிக்கு மனம் இளகிவிட்டது.

நாலாவது பழுப்பை முகத்துக்கும், ஐந்தாவதைக் கன்னத்து நிழலுக்கும் வைத்து, கடைசித் தாளை மெஷினுக்குள் விட்டாள். அண்ணியும் கிரீம் கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றாள். முகம் சுத்தமாக விழுந்தது. கூந்தல்தான் காலை வாரியது. கறுப்பு நிறைய விழும் இடத்தில் வழக்கம்போல் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை.

வேறு தாள் இல்லை. வெண்ணெய் கிரீம் பூசிய கேக்கின்மேல் அண்ணியும் அவளுமாகத் தாளைப் படியவைத்தார்கள். கிரீமின் லேசான ஈரத்தில் ஓரங்கள் ஒட்டிக்கொண்டன. பிறகு கோகோ வெண்ணெயை உருக்கி, அதில் கறுப்புக் கோகோத்தூளைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் கூந்தலை மட்டும் இழை இழையாகத் தீட்டினாள். தண்ணீரில் குழைத்திருந்தால் சர்க்கரைத் தாள் கரைந்து போகும். கொழுப்பு அதை ஒன்றும் செய்யாது. நெற்றி ஓரத்தில் தூரிகையின் நுனியால் மட்டும் தொட்டாள். ஒரு சொட்டு முகத்தில் விழுந்தால் விழுந்ததுதான். விழவில்லை. பச்சை போய், கருகருவென்று கூந்தல் வந்தது.

நாலு மணிக்கு அவளே கேக்கைச் சுமந்துகொண்டு மருத்துவமனையின் கூட்ட அறைக்குப் போனாள். மூடியைத் திறந்ததும், கதவருகே நின்ற நர்ஸுகள் அங்கிருந்தே "சிஸ்டர்தான்" என்றார்கள். யாரும் யாரென்று கேட்கவில்லை.

நர்ஸம்மா குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மருத்துவமனைப் பழக்கம் விடுமா, முதல் கேள்வி மையைப் பற்றித்தான்.

"இது எல்லாமே சாப்பிடுறதுதானே?"

எல்லாமே தின்னும் மை, கூந்தலுக்குக் கோகோ என்று அச்சுக்காரி சொன்னாள். நர்ஸம்மா தலையாட்டிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"நம்ம கல்யாண போட்டோல உங்க பக்கத்துல ஒரு வெள்ளைக்காரி நிக்கிறாளே, நல்லவேளை, அவ இன்னைக்கு வரல."

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் மட்டும் சிரிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கடைக்குத் திரும்பியதும் அச்சுக்காரி கணினியைத் திறந்து 'முகக்களை'யை அழித்தாள். நிஜமாகவே அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்றாள். வாசலில் வந்து கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். கேக்கைக் கையில் ஏந்திச் சிரிக்கும் அவளுடைய படம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே அச்சிட்டது, அவளே களை ஏற்றியது. அந்தப் பெண்ணுக்கும் இவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"அண்ணி, கொஞ்சம் வெளியே வாங்க," என்று செல்போனை நீட்டினாள். "என்னை ஒரு போட்டோ எடுங்க. வெளிச்சத்தைக் கூட்டாதீங்க."