முப்பத்தைந்து செக்கன்

பாட்டின் தொடக்கத்தை வெட்டுவதா விடுவதா என்பதில்தான் கஜானிக்கும் ஜெயதீபனுக்கும் இரண்டு கிழமையாக இழுபறி.

ஜெயதீபன் உரும்பிராயில் தன் வீட்டோடு சேர்ந்த அறையொன்றில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துபவர். பாட்டுகளைப் பதிவு செய்து, ஒரு விநியோக நிறுவனத்தின் மூலம் இணைய இசைத்தளங்களுக்கு அனுப்புவதும் அவர்தான். கஜானி சாவகச்சேரியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தாள். அவளுடைய கணவன் கீர்த்திகன், கொடிகாமம் சந்தையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறி வைத்திருந்தான். அந்த லொறியைப் பற்றித்தான் அவள் தன் முதல் பாட்டை எழுதியிருந்தாள்.

பாட்டு சந்தை இரைச்சலோடு தொடங்கும். கத்தரிக்காய்க்கு விலை கூவுகிற குரல்கள், லொறிக் கதவு அடிபடுகிற சத்தம், பிறகு மெல்ல ஒரு வயலின். கஜானியின் குரல் வருவது நாற்பத்திரண்டாவது செக்கனில்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேள்," என்றார் ஜெயதீபன். "இந்தத் தளங்களிலை ஒராள் முப்பது செக்கனாவது கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் எண்டு கணக்கு. இருபத்தொன்பதிலை அடுத்த பாட்டுக்குத் தாவினால் ஒண்டுமில்லை. ஆக்கள் சத்தத்தை மட்டும் கேட்டிட்டுப் போயிடுவினம்."

"சந்தையில்லாமல் அந்தப் பாட்டே இல்லை, ஜெயதீபன் அண்ணை. போறவை போகட்டும்."

பக்கத்தில் கீர்த்திகன் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். அந்த முப்பது செக்கன் அவன் மனதில் ஏறிவிட்டது. தன் சந்தையை விடமாட்டேன் என்று நிற்கிற மனைவியின் பாட்டு, அந்தச் சந்தையாலேயே தோற்றுப்போய்விடுமோ என்று அவனுக்குப் பயம்.

கடைசியில் பாட்டு வெட்டாமலே வெள்ளிக்கிழமை வெளியானது. முதல் மூன்று நாளில் இருநூற்றுச் சொச்சம் பேர் கேட்டிருந்தார்கள். நான்காம் நாள் எண்ணிக்கை மூவாயிரம். ஆறாம் நாள் பதினோராயிரம். கஜானி வேலை முடிந்த கையோடு ஒரு பெட்டி கேக்கும் வாங்கிக்கொண்டு உரும்பிராய்க்கு பஸ் ஏறினாள். கீர்த்திகனும் லொறியை நிறுத்திவிட்டு அங்கே வந்திருந்தான்.

ஜெயதீபன் கேக்கைத் தொடவில்லை. கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை, சந்தோசமில்லையோ?"

"இதைப் பார். பதினோராயிரம் தரம் போட்டிருக்கு. ஆனால் கேட்ட ஆக்கள் ஐந்நூறு பேர்தான். அதிலை முதல் மூண்டு நாளிலை வந்த எங்கடை ஆக்கள் இருநூறு. மிச்சம் முந்நூறும் ரெண்டே ரெண்டு நகரம். அங்கை உனக்கு ஆரையும் தெரியுமோ?"

"இல்லை."

"எனக்கும் தெரியாது. பாட்டைச் சேமிச்சு வைச்சவை அறுபத்துமூண்டு பேர். அந்த எண் முதல் மூண்டு நாளிலை வந்தது. பிறகு ஒண்டும் கூடேல்லை. பத்தாயிரம் தரம் ஆசையாய்க் கேட்டவை ஒராளாவது சேமிச்சிருக்க மாட்டினமோ?" அவர் கதிரையைத் திருப்பினார். "இது மனுசர் இல்லை, கஜானி. பொட், தானாய்ப் பாட்டுப் போடுற கள்ளக் கணக்குகள். ஆரோ காசுக்கு ஓட விட்டிருக்கினம்."

கஜானிக்குக் கேக் பெட்டியை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. "ஆர் எனக்கு இப்பிடிச் செய்வினம்?"

கீர்த்திகன் எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான்தான்," என்றான். "பேஸ்புக்கிலை விளம்பரம் பார்த்தன். உண்மையான ஆக்கள், பாட்டை ஆக்களிட்டைச் சேர்ப்பிக்கிறம் எண்டு போட்டிருந்தவங்கள். உனக்குச் சொல்லாமல் காசு கட்டினன், ஒரு சந்தோசமாய் இருக்கட்டும் எண்டு..."

"தம்பி, உது பெரிய பிழை," என்றார் ஜெயதீபன். குரல் உயரவில்லை. "தளத்துக்காரர் இதைக் கண்டுபிடிப்பினம். முதலிலை பொய்யான எண்ணிக்கையைக் கழிப்பினம். ஒரு பாட்டுக்கு வந்ததிலை பெரும்பங்கு பொய்யெண்டு கண்டால் விநியோக நிறுவனத்துக்குத் தண்டம் போடுவினம். அவை அதை என்ரை கணக்கிலை போடுவினம். பாட்டையும் தூக்கலாம். தொடர்ந்து நடந்தால் கணக்கையே மூடலாம். அந்தக் கணக்கிலை இன்னும் பதினாலு பேரின்ரை பாட்டு கிடக்கு."

"ஏன் இவ்வளவு கடுமை?" என்று கஜானி கேட்டாள்.

"எல்லாருக்கும் ஒரே பானைச் சோறு. தளத்துக்கு வாற காசை ஸ்ட்ரீம் எத்தினையெண்டு பார்த்துத்தான் பிரிக்கினம். பொய்யாய் ஒராள் அள்ளினால், உண்மையாய்க் கேட்க வைச்சவனின்ரை பங்கு குறையும்."

கீர்த்திகன் தலையைக் குனிந்தான். கஜானி அவனிடம் போனை வாங்கி, விற்றவனின் செய்திகளை வாசித்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இதிலை என்னமோ போட்டிருக்கு. ஒவ்வொரு கணக்கும் முப்பத்தைந்து செக்கன் நிண்டு போகுமாம்."

"முப்பதைத் தாண்டினால் கணக்கு விழுமெல்லே. அதுக்குத்தான்," என்றார் ஜெயதீபன்.

"என்ரை குரல் வாறது நாப்பத்திரண்டிலை."

கஜானி போனை மேசையில் வைத்தாள். பிறகு கஜானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பத்தாயிரம் தரம் ஓடியிருக்கு. ஒண்டாவது நான் பாடுறதைக் கேக்கேல்லை! கத்தரிக்காய் வித்ததைத்தானப்பா கேட்டிருக்கு!"

ஜெயதீபனும் சிரித்துவிட்டார். கீர்த்திகன் மட்டும் கண் கலங்கி நின்றான். அவள் எழுந்துபோய் அவன் கையில் ஒரு துண்டுக் கேக்கை வைத்தாள். "ஆசையிலை செய்தனீங்கள், விளங்குது. இனிச் செய்யாதேங்கோ. இப்ப என்ன செய்யலாம், அண்ணை?"

"அவை கேக்க முதல் நாங்கள் சொல்லுவம்."

கீர்த்திகன் விற்றவனுக்கு எழுதி, மிச்ச ஓட்டத்தை நிறுத்தச் சொன்னான். அவன் காசைத் திருப்பித் தரமாட்டேன் என்றான். நிறுத்தினால் போதும் என்று மூவரும் விட்டுவிட்டார்கள். பிறகு ஜெயதீபன் விநியோக நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன நடந்தது, எந்த நாளில் தொடங்கியது, யார் வாங்கியது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி, செய்திகளின் படங்களையும் சேர்த்தார். தன் பெயரைப் போடும்படி கீர்த்திகனே சொன்னான்.

கடிதம் அனுப்பி எட்டாம் நாள் பதில் வந்தது. பொய் எண்ணிக்கை விழுந்த இசைத்தளம் ஏற்கெனவே பாட்டைச் சந்தேகமெனக் குறித்துவைத்திருந்தது. பொய் எண்ணிக்கை முழுவதும் கழிந்தது. பாட்டுக்குத் தண்டம் விழுந்தது. கீர்த்திகன் அதைக் கட்டினான். பாட்டு அந்தத் தளத்திலிருந்து ஒரு மாதம் மறைந்தது. ஆனால் நீங்களே முன்வந்து சொன்னபடியால் கணக்கைத் தொடமாட்டோம், மீண்டும் அனுப்ப விடுகிறோம், இன்னொரு தரம் நடந்தால் அந்தச் சலுகை இல்லை என்று நிறுவனம் எழுதியிருந்தது. மற்றப் பதினான்கு பேரின் பாட்டுகளும் அப்படியே இருந்தன. ஜெயதீபன் அன்று நிம்மதியாக நித்திரை கொண்டதாகப் பிறகு சொன்னார்.

பாட்டு திரும்பி வந்த நாளில் கஜானி அதைத் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும், பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்கும், சந்தை ஆட்களுக்கும் அனுப்பினாள். "திருப்பித் திருப்பிப் போட்டு எண்ணிக்கை கூட்ட வேண்டாம். பிடிச்சால் மட்டும் கேளுங்கோ" என்றும் எழுதினாள். கத்தரிக்காய்க் கடை யாகோப்பு தன் குரல் பாட்டில் இருக்கிறது என்று சந்தை முழுவதும் சொல்லித் திரிந்தார்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கஜானி இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். கீர்த்திகன் அவளுடைய போனில் பார்த்து வாசித்தான்.

"அறுநூற்றுப் பன்னிரண்டு. கேட்டவை நானூற்று முப்பது பேர். யாழ்ப்பாணம், சாவகச்சேரி, கொழும்பு, ரொறன்ரோ... இது என்ன, ஒஸ்லோவிலை ஏழு பேர். ஆர் அவை?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"எழுதிக் கேக்கேலாதோ?"

"கேக்கேலாதப்பா. அங்கை ஆள் தெரியாது, எண்தான் தெரியும்."

அவன் போனில் அந்த ஏழு என்ற எண்ணை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு, "ஆராயிருந்தாலும் நல்லாயிருக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே சம்பல் அரைக்கத் தேங்காயை எடுத்தான்.