ஆறாவது அத்தியாயத்தின் இரும்பு

அந்த ஆய்வுக்குழுவில் பேராசிரியரின் காதுபடத் ‘துரு’ என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. எங்கும் எழுதிவைக்கப்படாத விதி அது. நான்கு எலக்ட்ரான்களை இழந்த அபூர்வ இரும்பைப் பிடிக்க அவர் ஒன்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிர்க்குழுவோ அதை அந்த ஒரே சொல்லில் தீர்த்துக்கட்டியிருந்தது. ஆகவே ஆய்வகக் கதவு கிறீச்சிட்டால்கூட, “கீலுக்கு வயசாயிடுச்சு சார்” என்பதே வழக்கு.

எக்ஸ்-கதிர்க் கூடத்தின் கட்டுப்பாட்டறையில் அன்று காலை அவர் உற்சாகத்தில் இருந்தார். மாதிரிகளை அரைத்து அரைத்தே ‘பொடி’ என்று பெயர் வாங்கிய ஆய்வு மாணவியிடம், இரும்பு எக்ஸ்-கதிரை உறிஞ்சத் தொடங்கும் ஆற்றலில் செங்குத்தாக எழும் ‘விளிம்பு’க் கோட்டைத் திரையில் காட்டினார்.

“மூணு எலக்ட்ரான் இழந்த சாதா இரும்பைவிட விளிம்பு ரெண்டு எலக்ட்ரான் வோல்ட் மேல ஏறியிருக்கு பாரும்மா. எலக்ட்ரானை இழக்க இழக்க அது மேலதான் போகும். இது நாலேதான். விளிம்பு தாண்டின அலைவுகளைத் தூரமா உருமாத்தினா முதல் சிகரம் ஒண்ணரை ஆங்ஸ்ட்ராம்ல. ஆக்சிஜன் எவ்வளவு ஒட்டி உக்காந்திருக்கு பாத்தியா?”

“ஒட்டியா? மடியிலயே உக்காந்திருக்கு சார்” என்றான், ‘ஆமாஞ்சாமி’ என்று பெயரெடுத்த மூத்த ஆய்வாளன்.

நண்பகலுக்குள் மாநாட்டுக்குச் சுருக்கம் போயாக வேண்டும். அதில் முதல் பெயர் பொடியுடையது. அவளது ஆய்வேட்டின் ஆறாவது அத்தியாயமும் இதுவே. ஆயினும் மனம் கேட்காமல், மாதிரிக்குப் பின்னால் வைத்து உடன் பதிவுசெய்த தூய இரும்புத் தகட்டின் கோட்டைத் திறந்தாள். 7112 எலக்ட்ரான் வோல்ட்டில் நிற்கவேண்டிய விளிம்பு 7114இல் நின்றது. தகடு எந்த எலக்ட்ரானையும் இழக்கவில்லை. எக்ஸ்-கதிரை ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் படிகம்தான் நகர்ந்திருந்தது.

“அண்ணா, தகடும் ரெண்டு ஏறியிருக்கு” என்று ஆமாஞ்சாமியிடம் கிசுகிசுத்தாள்.

“ஏறிட்டுப் போகட்டும். உனக்கு முதல் பேரு வேணுமா வேணாமா?”

அவள் இரண்டைக் கழித்தாள். சென்ற ஆண்டு அந்த எழுதாத விதிக்கு அஞ்சி ‘அந்த மற்றது’ என்று பெயரிட்டுச் சேமித்த பழுப்புப் பொடியின் கோட்டின் மேல் மாதிரியின் கோடு அச்சுப் பிசகாமல் படிந்தது. சிகரத்தின் கதையும் அதுதான். அண்டை அணுவில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான் அலையின் கட்டம் பிசகுவதால், திருத்தாத சிகரம் ஏறக்குறைய அரை ஆங்ஸ்ட்ராம் குறைத்தே காட்டும். திருத்திப் பொருத்தினால் இரண்டு ஆங்ஸ்ட்ராமில் ஆறு ஆக்சிஜன்கள், மூன்றைத் தாண்டி அடுத்த இரும்பு. அத்தியாயம் போயிற்று, கூடவே ஓராண்டும்.

“அனுப்பிடவாம்மா? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“படிகம் நகர்ந்திருக்கு சார். திருத்தினா மூணுதான் வருது. தூரமும் ரெண்டு.”

பேராசிரியர் திரையை நோக்கிக் குனிந்தார்.

“மூணா? அப்ப இது என்னதான்?”

“ஒருவகையில பாத்தா சார், செம்பழுப்பு நிறத்துல…” என்று ஆமாஞ்சாமி இழுத்தான்.

“என் பேரை எடுத்துடுங்க சார்” என்றாள் பொடி. “இது துரு.”